முதலில் கழி, பிறகு இணை

நிலநடுக்கத்தில் ஒரு பத்து மாடிக் கட்டடம் ஒரே விதமாக ஆடுவதில்லை. ஒரு ஆட்டத்தில் எல்லா மாடிகளும், காற்றில் தென்னை சாய்வதுபோல, ஒரே பக்கம் போகும். இன்னொன்றில் உச்சி ஒரு பக்கமும் இடுப்புப் பகுதி எதிர்ப்பக்கமும் வளையும். இவற்றைப் பொறியாளர்கள் ‘மோட்’ என்பார்கள். ஒவ்வொரு மோடுக்கும் ஒருமுறை ஆடித் திரும்பத் தனித்தனி நேரம் உண்டு.

அந்த நேரத்தைக் கொண்டு ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வரைபடத்தைப் பார்த்தால், அந்த மோட் அதிகபட்சம் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடலாம். ஆனால் அந்த உச்சம் எந்த நொடியில் வரும் என்பதை வரைபடம் சொல்லாது. எல்லா மோடுகளும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம் என்பதால், அப்படியே கூட்டினால் விடை பெருத்துவிடும். எனவே ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். 3-ம் 4-ம் சேர்ந்தால் 7 அல்ல, 5.

சிக்கல் இங்கேதான். வர்க்கமாக்கியதும் கூட்டல், கழித்தல் குறிகள் தொலைந்துபோகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மொட்டைமாடித் தளம் முதல் மோடில் 100 மில்லிமீட்டர் நகர்கிறது, இரண்டாவதில் எதிர்த்திசையில் 24. அதற்கு அடுத்த கீழ்த்தளம் முறையே 94, எதிர்த்திசையில் 13. இரு தளங்களுக்கும் நடுவே உள்ள தூண்களும் சுவர்களும் எவ்வளவு சாய்கின்றன?

அவசரக்காரர் தளங்களின் நகர்வை முதலில் இணைப்பார். மேல்தளத்துக்கு 102.8, கீழ்த்தளத்துக்கு 94.9. கழித்தால் சுமார் 8. மாடி உயரம் 3 மீட்டர் என்றால், இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 அனுமதிப்பது உயரத்தில் 0.004 பங்கு, அதாவது 12 மில்லிமீட்டர். தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்.

சரியான வழியில் ஒவ்வொரு மோடுக்குள்ளும் முதலில் கழிக்க வேண்டும். முதல் மோடில் சாய்வு 6, இரண்டாவதில் 11. இவற்றை இணைத்தால் 12.5. கட்டடம் தேறவில்லை! தளங்களின் நகர்வில் சின்னதாகத் தெரிந்த இரண்டாவது மோட்தான் இந்த மாடியை அதிகம் வளைக்கிறது. முன்கூட்டியே இணைத்ததில் அது மறைந்துவிட்டது.

மாடிகளின் விசைகளுக்கும் இதே வரிசைதான். மென்பொருள் தரும் இணைத்த தள விசைகளைக் கூட்டிப் பார்க்கும் புதியவர், அது அடித்தள விசையோடு பொருந்தவில்லையே என்று பதறுவார். பொருந்தாதுதான், அவை ஒரே நொடியின் எண்கள் அல்ல.

இந்த வர்க்கமூலமும் எல்லா இடத்திலும் செல்லாது. இரு மோடுகளின் ஆட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உதாரணமாகப் பக்கவாட்டு ஆட்டமும் முறுக்கு ஆட்டமும் நெருங்கிவிட்டால், அவற்றின் உச்சங்களும் சேர்ந்தே வரக்கூடும், விடை குறைந்துபோகும். அங்கே மோடுகளுக்கு இடையிலான உறவையும் கணக்கில் எடுக்கும் சி.க்யூ.சி. முறையைக் கையாள்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தாலும், கழித்தல் முதலில்தான்.