நுரைக்கு அடியில் நீர்மட்டம்

கழிவுநீர் சம்ப்பில் பம்ப் தானாக ஓடவும் நிற்கவும் மேலே தொங்கும் சென்சார் நீர்மட்டத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். நீர் 2.5 மீட்டர் கீழே இருந்தால் எதிரொலி வர ஏறக்குறைய 15 மில்லிநொடி ஆகும். ரேடாரும் இதே கணக்குத்தான், ஆனால் அனுப்புவது மின்காந்த அலை.

இரண்டும் பிரியும் இடம் நுரை. சோப்பும் கொழுப்பும் கலந்த கழிவுநீர் உயரத்திலிருந்து விழும்போது நுரை திரள்கிறது. பஞ்சுபோன்ற லேசான நுரை ஒலியை விழுங்கிவிடும். அப்போது எதிரொலி வராமல் போக, பல கருவிகள் கடைசி அளவையே காட்டிக்கொண்டிருக்கும். திரையில் எண் இருக்கிறதே என்று நம்பியிருந்தால் சம்ப் வழிந்துவிடும்.

கெட்டியான நுரை செய்வது வேறு. அதன் மேற்பரப்பே ஒலியைத் திருப்பியனுப்பும். 30 சென்டிமீட்டர் நுரை நிற்கும் சம்ப்பில், பம்ப் நிற்க வேண்டிய மட்டம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்சார் நுரையின் உச்சியை நீராக எடுத்துக்கொண்டால், திரையில் 50 வரும்போது உண்மையான நீர் 20 சென்டிமீட்டர்தான். அதற்குள் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும்.

ரேடார் அலை காய்ந்த, லேசான நுரையை ஊடுருவி நீரைத் தொடும். ஈரமும் உப்பும் மிகுந்த கெட்டி நுரையில் அதுவும் தடுமாறும். இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. 80 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாரின் கதிர் குறுகலானது. ஏணி, குழாய்களில் படாமல் போகும். ஆனால் நுரைக்குள் வலுவிழப்பது அதுதான். அகன்ற கதிருள்ள 26 ஜிகாஹெர்ட்ஸ் நுரையை இன்னும் நன்றாகக் கடக்கும். கதிர் குறுகலானது என்பதற்காக மட்டும் 80-ஐ வாங்குவது எப்போதும் புத்திசாலித்தனமல்ல.

நீர் கொந்தளித்தால் இரு அலைகளும் பக்கவாட்டில் சிதறும், அளவு தாவும். சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் தாவல் அடங்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் சட்டென ஏறும் நீரைக் கருவி தாமதமாகவே உணரும். சென்சாரை நீர் விழும் வாயிலிலிருந்து தள்ளி வைப்பதே முதல் மருந்து. அடிவரை இறங்கும் குழாய்க்குள் வைத்தால் கொந்தளிப்பும் நுரையும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். குழாயின் மேற்பகுதியில் காற்றுத்துளை வேண்டும், இல்லையேல் உள்ளே மட்டம் ஏறாது. கழிவுநீரில் அந்தக் குழாய் கொழுப்பால் அடைபடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சந்தேகம் வந்தால் நுரைமேல் சிறிது தண்ணீர் பீய்ச்சிக் கலைத்துப் பார்க்கலாம். அந்தக் கணமே திரையில் மட்டம் இறங்கினால், சென்சார் இதுவரை அளந்தது நுரையை. நுரை கலையாமல் நிற்கும் சம்ப்பில் அடியில் மூழ்கிக் கிடக்கும் அழுத்த சென்சாரே ஏற்றது. எதைப் பொருத்தினாலும், உச்ச மட்டத்தில் பம்ப்பைத் தனியாக ஓட்டும் ஒரு மிதவை சுவிட்ச் அவசியம்.