சோப்புக் குமிழியின் ஆயுள்

சோப்புக் குமிழியைச் சிறிது நேரம் அதிகமாக வாழவைக்க வேண்டுமானால், சோப்பு நீரில் கொஞ்சம் கிளிசரின் விடவேண்டும்; அது கிடைக்காவிட்டால் சர்க்கரையேனும் கரைக்க வேண்டும் என்பதை நம்மிற் பலர் சிறு வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். ஏன் என்று கேட்டால், "குமிழியின் தோலை அது வலுப்படுத்துகிறது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை முற்றிலும் சரியன்று. குமிழி சாவது தோல் நலிவதனால் அன்று, நீர் குறைவதனால். கிளிசரின் செய்வதெல்லாம் அந்நீர் போகாமல் காவல் காப்பதுதான். சர்க்கரையும் காவல் காக்கிறது. ஆயினும் அது பாதிக் காவலே. இந்த வேறுபாட்டை இங்கே சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் குமிழியின் உடலமைப்பைப் பார்ப்போம். சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் வால் ஒன்றும் உண்டு. ஆகவே அவை நீரின் மேற்பரப்பில், தலை நீருக்குள்ளும் வால் காற்றிலுமாக நெருங்கி நிற்கின்றன. குமிழியின் சுவரில் இத்தகைய சோப்பு அடுக்குகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று உட்புறம், மற்றொன்று வெளிப்புறம். இரண்டிற்கும் நடுவே இருப்பது வெறும் நீர். அந்நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது துளி நீர் ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர். ஒரே ஒரு துளியைக் கொண்டு 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குமிழியை ஊதினோமானால், அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர் ஆகும். அத்துளி அவ்வளவு பரப்பிலும் விரிந்து நிற்கும்போது சுவரின் கனம் ஏறத்தாழ 1.6 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது தலைமயிரின் கனம் இதைப்போல் பல மடங்கு இருக்கும்.

இந்த மெல்லிய நீர்ப்படலத்தைப் பரப்பு இழுவிசை எந்நேரமும் சுருக்க முயன்றுகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் அது உடனே கிழிந்துவிடாததற்குக் காரணம் என்ன? படலத்தில் ஓரிடம் சற்றே நீண்டு மெலிந்தால், அவ்விடத்தில் சோப்பு மூலக்கூறுகள் விலகி நிற்கின்றன. சோப்புக் குறைந்த இடத்தில் இழுவிசை அதிகமாகிறது. அந்த அதிக இழுப்பு, பக்கத்திலுள்ள பரப்பைத் தன்பால் இழுக்கிறது; இழுபடும் பரப்போடு அடியிலுள்ள நீரும் சேர்ந்து வந்து மெலிந்த இடத்தை நிரப்புகிறது. காயம் பட்ட இடத்திற்கு இரத்தம் விரைவதைப் போன்ற செயல் இது. ஆனால் விரைந்து வருவதற்கு நீர் இருக்கவேண்டும் அல்லவா? நீர் குறையக் குறையப் படலம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது.

மற்றொரு விதியும் உண்டு. படலத்தில் ஒரு துளை விழுந்தால் அது எப்போதும் பெரிதாகும் என்று நினைக்கவேண்டா. படலத்தின் கனத்தைவிடத் துளை மிகச் சிறிதாக இருந்தால் அது தானே மூடிக்கொள்ளும். கனத்தைவிடப் பெரிதாக இருந்தால் விரிந்துகொண்டே போகும். எனவே படலத்தின் கனம் எவ்வளவோ, அவ்வளவு பெரிய காயத்தைத்தான் அது தாங்கும். 1.6 மைக்ரான் கனமுள்ள குமிழியைக் கொல்லமுடியாத ஒரு சிறு துளை, 0.1 மைக்ரானாகத் தேய்ந்த குமிழியை நொடிப்பொழுதில் கொன்றுவிடும். இன்னும் மெலிந்தால் புறத்திலிருந்து காயமே வேண்டியதில்லை. இரு பரப்புகளும் மிக நெருங்கிவரும்போது, மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள கவர்ச்சியே அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து இடையில் துளை விழச்செய்யக்கூடும். துளை விழுந்தபின் அதன் விளிம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையும் கணக்கிடலாம். நாம் எடுத்துக்கொண்ட குமிழியில் அது வினாடிக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகம். முழுக் குமிழியும் மறைய ஒரு வினாடியில் ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்கு போதும். நமது கண் அதைப் பின்தொடர முடியாததில் வியப்பில்லை.

நீர் எவ்வழிகளில் போகிறது? இரண்டு வழிகளில். ஒன்று வடிதல்; அதாவது சுவருக்குள்ளேயே நீர் மேலிருந்து கீழே இறங்கிவிடுதல். மற்றொன்று உலர்தல், அதாவது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுதல். வடிதலைக் கண்ணாலேயே காணலாம். ஒரு கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் தோய்த்து நேராக நிறுத்திப் பிடித்தால், சிறிது நேரத்தில் வண்ணப் பட்டைகள் குறுக்காகத் தோன்றி மெல்லக் கீழ்நோக்கி நகரும். உச்சியில் இளமஞ்சளும், பிறகு வெள்ளையும், கடைசியில் கறுப்பும் தோன்றும். அக்கறுப்பு அழுக்கன்று, அங்கே படலத்தின் கனம் 0.03 மைக்ரான் அளவுக்குக் குறைந்து, ஒளியைத் திருப்பியனுப்பும் ஆற்றலே ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்பதற்கு அறிகுறி. இக்கரும்புள்ளிகளை நியூட்டன் 1704-ல் வெளியான தமது ஒளியியல் நூலில் விவரித்திருக்கிறார்.

உலர்தலோ கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் வேகம் திகைக்கவைப்பது. திறந்த தொட்டியிலுள்ள நீர் நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். இது சாதாரணமான குறைவுதான். யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதையே நிமிடக் கணக்கில் பார்த்தால் நிமிடத்திற்கு இரண்டு மைக்ரான் ஆகிறது. நமது குமிழியின் முழுக் கனமே 1.6 மைக்ரான்! தொட்டிக்கு அற்பமாகத் தோன்றும் இழப்பு, குமிழிக்கு ஒரு நிமிடத்திற்குள் முடியும் வாழ்நாள்.

இனிக் கிளிசரினுக்கு வருவோம். கிளிசரின் தானே ஒரு திரவம். சாதாரண வெப்பநிலையில் ஆவியாவது இல்லையென்றே சொல்லலாம். அதைவிட முக்கியமானது, அது நீரை விடாமல் பற்றிக்கொள்கிறது என்பது. காற்றின் ஈரப்பதம் எவ்வளவோ அதற்கேற்ப ஓரளவு நீரைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, அதற்குமேல் நீரை இழக்க மறுக்கிறது. எடையில் 90 பங்கு நீரும் 10 பங்கு கிளிசரினும் கலந்த கரைசலால் ஊதிய குமிழியை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதத்து மழைநாளில் பம்பாய்க் கடற்கரையில் ஈரப்பதம் 80 சதவிகிதம் என்றால், அந்தக் கிளிசரின் ஏறத்தாழ 10 பங்கு நீரை நிறுத்திக்கொள்ளும். அதாவது சுவரின் ஐந்தில் ஒரு பகுதி, சுமார் 0.3 மைக்ரான், உலராமல் எஞ்சும். மே மாதத்து நண்பகலில் தில்லியில் ஈரப்பதம் 20 சதவிகிதத்திற்கு இறங்கும்போது, அதே கிளிசரின் ஒரு பங்கு நீரைக்கூட நிறுத்திவைப்பது அரிது. ஆயினும் கிளிசரின் ஆவியாகாமல் நிற்பதால் ஒன்பதில் ஒரு பகுதி எஞ்சும். கிளிசரினே இல்லாத குமிழியில் எஞ்சுவது சிறிதளவு சோப்பு மட்டுமே.

கிளிசரின் மற்றோர் உதவியும் செய்கிறது. அது உடனே தெரிவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு கிளிசரின் சேர்ந்த நீர், வெறும் நீரைவிட மூன்றில் ஒரு பங்கு அளவே அதிகக் குழம்பாயிருக்கும். இது வடிதலைத் தடுக்கப் போதாது. ஆனால் நீர் ஆவியாகி, கிளிசரினின் பங்கு பாதியாகும்போது குழம்புத்தன்மை நீரைப்போல் ஆறு மடங்காகிறது. ஐந்தில் நான்கு பங்காகும்போது ஏறக்குறைய அறுபது மடங்காகிறது. இவ்வாறு உலரத் தொடங்கிய படலமே தடித்து, வடிதலைத் தானே தாமதப்படுத்திக்கொள்கிறது. உலர்தல் என்னும் பகைவனைக் கொண்டே வடிதல் என்னும் பகைவனை அடக்குவது போன்றது இது.

சர்க்கரையின் கதை வேறு. தடிப்பதில் சர்க்கரை கிளிசரினுக்குச் சளைத்ததன்று; பாதிக்குப் பாதி சர்க்கரை கரைந்த நீர், வெறும் நீரைப்போல் பதினைந்து மடங்கு குழம்பாயிருக்கும். ஆகவே வடிதலைத் தடுப்பதில் அது நன்றாகவே உதவும். ஆனால் நீரைப் பற்றி வைப்பதில் அது தோற்றுவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவிகிதத்திற்குக் கீழே இருந்தால், சர்க்கரைப்பாகு நீரை இழந்துகொண்டே போய், முடிவில் கெட்டியாகத் தலைப்படும். அடைமழைக் காலத்தில் சர்க்கரை டப்பாவில் ஈரம் கசிவதையும், கோடையில் அதே சர்க்கரை பொலபொலவென்று உதிர்வதையும் இல்லந்தோறும் காண்கிறோம். அதே விதிதான் குமிழியிலும் ஆட்சி செய்கிறது. உலர்ந்த கிளிசரின் இன்னும் ஓடும் திரவம். ஆகவே மெலிந்த இடத்தை நாடி அது நகர முடியும். உலர்ந்த சர்க்கரையோ ஓடாது. ஆகவே காயம் ஆறாது. ஊதுகுழலின் வாயில் பிசுபிசுப்பும் மணல்போன்ற துகளும் படியக் கண்டால், சர்க்கரை நீரை இழந்துவிட்டது என்று அறியலாம்.

உங்கள் குமிழி எந்த வழியில் மடிகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நனைத்த தட்டு ஒன்றின்மேல் அரைக்கோளமாக ஒரு குமிழியை ஊதிவிட்டு, அதனருகே ஈரத்துணியொன்றை வைத்து, இரண்டையும் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியால் கவிழ்த்து மூடுங்கள். அதேபோன்ற வேறொரு குமிழியைத் திறந்தபடி விடுங்கள். மூடிய குமிழி பலமடங்கு நேரம் நின்றால், கொன்றது உலர்தல். கிளிசரினைச் சிறிது கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உடைந்தால், கொன்றது வடிதல். அங்கே சர்க்கரையும் போதும். இரண்டுமே ஊதும்போதே உடைந்தால் குற்றம் பெரும்பாலும் கிணற்றுநீரில் இருக்கும். அதிலுள்ள சுண்ணச்சத்து சோப்பைத் திரிதிரியாகத் திரித்துவிடுகிறது. மழைநீரை எடுத்துக்கொள்வதே நன்று. கிளிசரின் நல்லது என்று அளவுமீறி ஊற்றுவதும் தவறு. குமிழி கனத்து, அடியில் துளி கட்டி, விரைந்து தரையில் விழும். நாமும் ஒருமுறை பத்துப் பங்கிற்குப் பதில் நாற்பது பங்கு விட்டுப் பார்த்தோம். வாழ்ந்த குமிழியைவிட வீழ்ந்த குமிழியே அதிகம்.

இவ்விரு வழிகளையும் ஒருங்கே அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிரான்சு நாட்டின் லீல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2022-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வடிதலைத் தடுக்கக் குமிழியின் சுவரெங்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைப் பதித்தார்கள். வெறும் நீரால் ஆன அத்தகைய குமிழிகள் ஒரு மணி நேரத்திற்குள் உடைந்துபோயின. ஏனெனில் உலர்தல் என்னும் வாயில் திறந்தே இருந்தது. நீரோடு கிளிசரினும் சேர்த்தபோது, ஒரு குமிழி 465 நாட்கள் நின்றது.

நமக்கு அத்தகைய துகள்கள் வேண்டியதில்லை. தில்லிக் கோடையில் குமிழி ஊத விரும்புகிற சிறுவன், நண்பகலை விட்டுக் காற்றில் ஈரம் சற்று மிகுந்த அதிகாலையில் ஊதட்டும். பத்துப் பங்கிற்குப் பதில் பதினைந்து பங்கு கிளிசரின் விடட்டும். குமிழியைத் தொட விரும்பினால் விரலை முதலில் சோப்பு நீரில் நனைத்துக்கொள்ளட்டும். உலர்ந்த விரல் படலத்திலிருந்து நீரை விலக்கித் துளையிடுகிறது. நனைந்த விரலைப் படலம் தன்னில் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும்.