ஒளு இல்லாமல் தொழுத லுஹர்

கடைக்காரர் ஒருவர் காலை பதினொரு மணிக்கு ஒளு செய்கிறார். நடுவில் சிறுநீர் கழித்துவிட்டு வந்தது மறந்துபோய், அதே ஒளுவோடுதான் இருக்கிறோம் என்ற எண்ணத்தில் லுஹர் தொழுதுவிடுகிறார். அஸருக்குப் புதிதாக ஒளு செய்து தொழுகிறார். மஃரிப் பாங்கு கேட்கும்போதுதான் மதியம் நடந்தது நினைவுக்கு வருகிறது.

சிறுநீர், மலம் வெளியேறினாலும், பின் துவாரத்திலிருந்து காற்றுப் பிரிந்தாலும் ஒளு முறிந்துவிடும். மயக்கமும் படுத்துத் தூங்குவதும் அப்படித்தான். இவற்றில் கருத்து வேறுபாடில்லை. சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டி ரத்தம் வழிந்தால்தான் மத்ஹபு குறுக்கே வரும். ஹனஃபி சட்டப்படி ரத்தம் காயத்தை விட்டு வழிந்தோடினால் ஒளு போய்விடும். ஷாஃபியில் போகாது, ரத்தத்தைக் கழுவினால் போதும். மனைவியின் கை மேல் கை படுவது இதற்கு நேர்மாறு: ஷாஃபியில் ஒளு முறியும், ஹனஃபியில் முறியாது. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால், ஒரே பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் மீண்டும் ஒளு செய்யப் போவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

வெறும் சந்தேகத்தால் ஒளு முறியாது. காற்றுப் பிரிந்ததோ என்று தோன்றினால், சத்தமோ வாடையோ உறுதிப்படும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பது நபிமொழி. இந்த எண்ணத்தால் திரும்பத் திரும்ப ஒளு செய்து அவதிப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கடைக்காரருக்கு இருப்பது சந்தேகமல்ல, உறுதி. அந்த லுஹர் செல்லாது. அதைக் களாவாகத் தொழ வேண்டும். இரவானாலும் லுஹருடைய நான்கு ரக்அத் பர்ளுதான். அஸரையும் திருப்பித் தொழ வேண்டுமா? வேண்டாம். ஹனஃபியில் களாக்கள் ஆறுக்குக் குறைவாக இருக்கும்வரை வரிசை கட்டாயம் என்றாலும், மறதி அந்தக் கட்டாயத்தை நீக்கிவிடுகிறது. ஆனால் இப்போது நினைவு வந்துவிட்டதால், மஃரிபுக்கு நேரம் இருக்கும்போது லுஹரை முடித்த பிறகே மஃரிப் தொழ வேண்டும். ஷாஃபியில் வரிசை சுன்னத்து மட்டுமே. அகழ்ப் போரின்போது தவறிய அஸரை நபிகள் சூரியன் மறைந்த பின் தொழுதுவிட்டு, அதன் பிறகே மஃரிப் தொழுதார்கள்.

மாதவிடாய் நாட்களில் விட்ட தொழுகைகளுக்குக் களா கிடையாது. அந்த நாட்களில் விட்ட ரமலான் நோன்புகளுக்கு உண்டு. இதைத் தெரியாமல் பழைய தொழுகைகளைக் கணக்கிட்டு வருந்தும் பெண்கள் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

வருடக் கணக்கில் தொழாமல் விட்டவர்கள், இத்தனை இருக்கலாம் என்று மனதுக்குத் தெளிவாகும் அளவுக்கு மதிப்பிட்டு, ஒவ்வொரு வக்துத் தொழுகையோடும் ஒரு களா சேர்த்துத் தொழுது வரலாம். எந்த நாளுடையது என்று தெரியாதபோது, "என் மீதுள்ள லுஹர்களில் முதலாவது" என்று நிய்யத்து வைத்தால் போதும்.