கரண்ட் போகும் நொடியில் பெட்டியும் போகிறது

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓடவிடவும் நிறுத்தவும் உதவும் சிறு பெட்டியை விவசாயிகள் மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு, செய்தி அனுப்பும் 2ஜி மோடம், எல்லாவற்றையும் நடத்தும் ஒரு சிப், கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு லித்தியம் பேட்டரி. மும்முனை மின்சாரம் வந்தால் விவசாயியின் போனுக்குச் செய்தி போகும். நின்றாலும் போகும். ராத்திரி எந்த நேரத்தில் கரண்ட் வரும் என்று தெரியாத தோட்டக்காரருக்கு அந்த ஒரு செய்திதான் பெட்டியின் பயன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் இப்படி ஒரு பெட்டியைத் தயாரித்து விற்றது. ஒரு வருடம் கழித்துப் புகார்கள் வர ஆரம்பித்தன. எல்லோருக்கும் அல்ல, எப்போதும் அல்ல. "கரண்ட் போச்சுன்னா சில நாள் மெசேஜ் வருதுங்க, சில நாள் பெட்டியும் சேர்ந்து படுத்துக்குதுங்க தம்பி" என்றார் பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர். பெட்டியைக் கழற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும்.

இதைத் துரத்திக்கொண்டிருந்த பொறியாளர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். போகும்போது அவர் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வந்துபோகும் கோளாறை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன எழுத்தை நான் பார்த்ததில்லை.

குறிப்பின் முதல் பத்தி காரணத்தைச் சொல்லவில்லை, கண்டதை மட்டும் சொன்னது. மின்சாரம் நின்று சில நொடிகளுக்குள், மோடம் செய்தி அனுப்பத் தொடங்கும் வேளையில் சிப் ரீசெட் ஆகிறது. டவருக்குத் தள்ளி இருக்கும் தோட்டங்களில் அதிகம். புதுப் பெட்டிகளில் இல்லை, ஒரு வருடம் வெயில் தின்ற பெட்டிகளில் இருக்கிறது. இந்த மூன்று வரியிலேயே பாதி விடை இருந்தது.

வீட்டில் கிரைண்டரைப் போட்ட கணம் விளக்கு மங்கி எழுவதைப் பார்த்திருப்போம். பெட்டிக்குள் நடப்பதும் அதே இயற்பியல்தான். 2ஜி மோடம் தொடர்ந்து கத்துவதில்லை. ஒவ்வொரு 4.6 மில்லிநொடிக்கும் ஒரு முறை, 0.577 மில்லிநொடி நேரம் மட்டும் வாய் திறக்கும். டவர் பக்கத்தில் இருந்தால், குரலைத் தாழ்த்திக்கொள் என்று டவரே உத்தரவிடும். தூரத்தில் இருந்தால் முழு பலத்தில், அதாவது 2 வாட்டில் அனுப்பும். அந்தக் குறுகிய இடைவெளியில் அது பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் 2 ஆம்பியர் வரை போகும்.

பேட்டரி புதிதாக இருந்தால் இதைத் தாங்கும். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. வயதாக ஆக, மோட்டார் ரூமின் சூட்டில் கிடக்கக் கிடக்க, அது கூடும். அதோடு ஒயர், கனெக்டர், போர்டில் உள்ள பாதை என்று எல்லாம் சேர்ந்து பழைய பெட்டிகளில் மொத்தத் தடை 0.25 ஓம் ஆகியிருந்ததை அவர் அளந்து எழுதியிருந்தார். 2 ஆம்பியரை 0.25 ஓமால் பெருக்கினால் 0.5 வோல்ட். பாதி தீர்ந்த பேட்டரியில் 3.6 வோல்ட் இருக்கும்போது மோடம் பேசும் நொடியில் போர்டுக்கு வந்து சேர்வது 3.1. சிப்புக்குப் போகும் வழியில் ரெகுலேட்டர் இன்னும் 0.3 எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 2.8 வோல்ட்.

சிப்புக்குள் ஒரு காவல் உண்டு. மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அது சிப்பை நிறுத்தி, ஏறிய பிறகு முதலிலிருந்து தொடங்க வைக்கும். பிரவுன் அவுட் ரீசெட் என்பது இதுதான். எங்கள் பெட்டியில் இருந்த ஏடிமெகா 328பி சிப்பில் அந்த அளவு 2.7 வோல்ட் என்று வைத்திருந்தோம். அப்படியானால் 2.8-ல் பெட்டி பிழைக்க வேண்டுமே? இங்கேதான் குறிப்பின் அருமையான வரி வருகிறது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் 2.7 என்பது சராசரி மட்டுமே, ஒரு சிப்பில் அது 2.5 ஆக இருக்கலாம், இன்னொன்றில் 2.9 ஆக இருக்கலாம். ஒரே நாளில், ஒரே மேசையில் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று 2.8-ஐச் சட்டை செய்யாமல் ஓடும், மற்றது விழும். அண்ணன் தோட்டத்துப் பெட்டி நன்றாக இருக்கிறது, தம்பி தோட்டத்தில் இல்லை என்ற புகாருக்கு வேறு விளக்கம் தேடவே வேண்டாம்.

விழுந்த பெட்டி எழுந்ததும் என்ன செய்யும்? கரண்ட் இல்லை என்று பார்க்கும். செய்தி அனுப்ப முயலும். மோடம் வாய் திறக்கும், மறுபடி விழும். கரண்ட் வரும்வரை இப்படியே போனால் பேட்டரி சுத்தமாகக் காலி. காலையில் போகும் சர்வீஸ்காரர் செத்த பேட்டரியைத்தான் பார்ப்பார். புதுசு ஒன்றைப் போடுவார், பெட்டி சரியாகிவிடும், புத்தகத்தில் "பேட்டரி பழுது, மாற்றப்பட்டது" என்று எழுதிவிட்டு வருவார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் புதுப் பேட்டரியின் தடை குறைவு என்பதால் கோளாறு ஒளிந்துகொண்டது, அவ்வளவே. இன்னொரு கோடை தாண்டினால் திரும்ப வரும். சர்வீஸ் புத்தகத்தில் சரியானதாகக் கணக்கில் போன இந்தப் பெட்டிகளை எல்லாம் "ஒத்திப்போடப்பட்டவை" என்று தனியாகப் பட்டியலிட்டிருந்தார் அவர். கோளாறின் உண்மையான அளவு அந்தப் பட்டியலில்தான் தெரிந்தது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. மீட்டர் காட்டுவது சராசரி. எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் 0.5 வோல்ட் இறங்கினால் சராசரியில் இறக்கம் 0.06 வோல்ட்தான். மீட்டரில் 3.54 என்று தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆஸிலோஸ்கோப்பை சிப்பின் சப்ளை காலிலேயே வைத்து, 2.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் படம் பிடி என்று டிரிகர் வைத்தால்தான் அந்தப் பள்ளம் அகப்படும்.

ரீசெட்டுக்குக் காரணம் இதுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? புரோகிராம் சிக்கிக்கொண்டாலும் ரீசெட் ஆகும், அதற்கு வாட்ச்டாக் என்ற தனி ஏற்பாடு உண்டு. எதனால் விழுந்தேன் என்பதை இந்த சிப் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கும். எழுந்தவுடன் முதல் வேலையாக அதைப் படித்துவிட்டு அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் பழைய காரணமும் புதுக் காரணமும் சேர்ந்து தெரியும்.

```c
uint8_t reason = MCUSR;
MCUSR = 0;
if (reason & (1 << BORF)) brownout_count++;
```

இந்த மூன்று வரிக்குக் கீழே அவர் எழுதியிருந்த எச்சரிக்கை எங்களுக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தியது. சிப்பில் முதலில் ஓடும் பூட்லோடர், நம் புரோகிராமுக்கு முன்பே அந்தப் பதிவேட்டை அழித்துவிடக்கூடும். அப்படிப்பட்ட பெட்டிகளில் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்து பிரவுன் அவுட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று எழுதி, எந்தெந்த வரிசை எண் பெட்டிகளில் அந்தப் பூட்லோடர் இருக்கிறது என்றும் குறித்திருந்தார்.

மேசையில் கோளாறை வரவழைக்கும் வழியும் இருந்தது. மேசையில் நாங்கள் வைப்பது உறுதியான பவர் சப்ளை, ஊருக்குள் சிக்னலும் பலம். இரண்டுமே கோளாறை மறைப்பவை. பேட்டரி ஒயரில் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள், ஆன்டெனாவைத் தகரப் பெட்டிக்குள் தள்ளிச் சிக்னலை மங்க வையுங்கள், பேட்டரியைக் குளிர வையுங்கள், குளிரிலும் உள்தடை கூடும். அப்படிச் செய்தபோது மேசையில் கிடந்த பெட்டி பட்டென்று விழுந்தது. வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒன்றைக் கூப்பிட்டபோதெல்லாம் வரச் செய்துவிட்டால், அதைத் தீர்த்தோமா இல்லையா என்று சொல்லவும் முடியும். அதுவரை செய்யும் எந்தத் திருத்தமும் யூகம்தான்.

குறிப்பில் சிவப்பு மையில் இருந்தது ஒரே ஒரு பத்தி. காவலின் அளவை 2.7-லிருந்து 1.8-க்கு இறக்கினால் ரீசெட் நின்றுவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் சிப் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு அதற்குக் குறைந்தது 2.4 வோல்ட் வேண்டும். 1.8-க்கும் 2.4-க்கும் நடுவே அது விழித்திருக்கும், ஆனால் சரியாகக் கணக்கிடும் என்ற உத்தரவாதம் கிடையாது. நினைவகத்தில் தப்பாக எழுதலாம், ரிலேயைத் தட்டலாம். கரண்ட் திரும்பும்போது ரிலே அந்த நிலையில் நின்றால், கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருக்கும் வேளையில் மோட்டார் ஓடும். புகார் நிற்க வேண்டும் என்ற அவசரத்தில் யாருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான், அதனால்தான் சிவப்பு மை.

இதே சிக்கலைப் பெரிய அளவில் உலகம் பார்த்திருக்கிறது. பேட்டரி பழசான ஐபோன் 6, 6எஸ் போன்கள் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே அணைந்தன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அந்த உச்சக் கரண்டைக் கட்டுப்படுத்தியது, அதன் விலையாகப் போன் மெதுவானது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதற்கு ஆப்பிள் அந்த டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது.

எங்கள் பெட்டிக்கு அவர் சொன்ன மருந்து இரண்டு. மோடம் பக்கத்தில் இருந்த 470 மைக்ரோபாரட் கெபாசிட்டருக்குப் பதில், உள்தடை குறைந்த 3300 மைக்ரோபாரட் ஒன்று. பேச்சு நேரமான 0.577 மில்லிநொடியில் கரண்டின் ஒரு பகுதியைக் கெபாசிட்டரே கொடுத்துவிடுவதால் இறக்கம் 0.5 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 0.25 ஆகிறது, சிப்புக்கு 3 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டாவது, வயலில் இருக்கும் பெட்டிகளுக்கான மென்பொருள் மாற்றம்: கடைசி ரீசெட் பிரவுன் அவுட் என்றால் உடனே செய்தி அனுப்ப முயலாதே, பத்து நிமிடம் பொறு, இரண்டு முறை தோற்றால் கரண்ட் வரும்வரை விட்டுவிடு. செய்தி அப்போதும் போகாது, ஆனால் பேட்டரி மிஞ்சும், கரண்ட் வந்ததும் பெட்டி உயிரோடு இருக்கும்.

தீராததையும் அவர் மறைக்கவில்லை. பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் புதுக் கெபாசிட்டர் இருந்தாலும் சிப்புக்குக் கிடைப்பது 2.85-தான், 2.9-ல் விழும் சிப் அப்போதும் விழும். மோட்டார் ரூம் சூட்டில் அந்தக் கெபாசிட்டரும் சில வருடங்களில் காயும், எத்தனை வருடம் என்று தான் சோதிக்கவில்லை என்று எழுதியிருந்தார். இப்போது புதுக் கெபாசிட்டர் போட்ட சில பெட்டிகளைச் சூட்டு அறையில் வைத்து, மாதம் ஒரு முறை ஆஸிலோஸ்கோப்பில் அந்தப் பள்ளத்தை அளந்து அவருடைய அட்டவணையின் கீழேயே எழுதி வருகிறோம்.