படத்தைச் சுற்றிய கறுப்புப் பட்டை

1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் அகலம் உயரத்தைப்போல் சுமார் 2.35 மடங்கு, நம் டிவியிலோ 1.78 மடங்குதான். அகலம் முழுக்கப் பொருத்தினால் 1080 வரிகளில் 817-ஐத்தான் படம் நிரப்பும். மிச்சம் மேலும் கீழும் கறுப்பாகும், இதுவே லெட்டர்பாக்ஸ். பழைய 4:3 படங்களுக்குப் பட்டை இடவலமாக விழும், அது பில்லர்பாக்ஸ்.

ரிமோட்டில் ‘ஸ்ட்ரெச்’ வைத்தால் 4:3 படத்தில் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். வட்டமான பொட்டு முட்டை வடிவமானால் படம் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். ‘ஜூம்’ இரு பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்குவதால் உருவம் கெடாது. ஆனால் ஸ்கோப் படத்தில் ஓரங்களில் நிற்பவர்கள் உட்பட ஏறக்குறைய கால்வாசி வெட்டுப்படும். சப்டைட்டிலும் போகலாம். எனக்குப் பட்டையே மேல். இயக்குநர் அமைத்த சட்டகம் முழுசாகக் கிடைக்கிறதே!