அரியர் பற்றி முதல் நாளே பேசலாம்

பொறியியல் கல்லூரிகளின் முதலாமாண்டு வரவேற்பு விழா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற பட்டியல். எதிரே அமர்ந்திருப்பவர்களின் கவலை வேறு. ராகிங் இருக்குமோ, ஆங்கிலத்தில் நடத்தினால் புரியுமோ என்று பிள்ளைகளுக்குப் பயம். இத்தனை பணம் கட்டியிருக்கிறோமே, பிள்ளை தேறிவிடுவானா என்று பெற்றோருக்குப் பயம்.

இந்த இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து கல்லூரி முதல்வர் பேசுவதைக் கேட்கும் நாள், பட்டமளிப்பு விழா வரைக்கும் அநேகமாக இது ஒன்றுதான். அன்று மேடையில் சொல்லும் விதி இருவர் காதிலும் விழுகிறது. பின்னால் வீட்டில் அதை மறைக்கவோ திரிக்கவோ வழியில்லை. நல்ல வரவேற்புரை இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளும்.

முதலில் பேச வேண்டியது மதிப்பெண் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை எடுத்துக்கொள்வோம். இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பருவத் தேர்வில் தனியாகக் குறைந்தது 45 சதவீதம் எடுத்தாக வேண்டும்.

ஒரு மாணவி கணிதத்தில் அகமதிப்பீட்டில் 40-க்கு 32 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பருவத் தேர்வில் 100-க்கு 40 எடுக்கிறாள். அது 60-க்கு 24 ஆகிறது. கூட்டினால் 56. ஐம்பதைத் தாண்டியாயிற்று என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் 45 என்ற தனி வரம்பை எட்டாததால் அந்தப் பாடம் அரியர்! பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளைக்கும் இது நேரலாம். பள்ளியில் ஒரே புத்தகத்தை ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருப்பார்கள். இங்கே ஐந்து அலகுகளும் சில மாதங்களில் ஓடிவிடும். திருப்புதல் தேர்வு என்று யாரும் உட்காரவைத்து எழுதவைக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கை முதல்வர் மேடையிலேயே போட்டுக் காட்டலாம். “அம்மா, அப்பா, முதல் பருவத்தில் உங்க பிள்ளைக்கு ஒரு அரியர் வந்தா படிப்பு போச்சுன்னு நினைக்காதீங்க, அடுத்த முறை எழுதித் தேறலாம். தம்பி, தங்கச்சி, அரியர் வந்தா அன்னைக்கே வீட்டுல சொல்லிடுங்க” என்று பேச்சுத் தமிழில் சொன்னால் போதும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி மாறும். அங்கே அந்தக் கல்லூரியின் கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது வருகைப்பதிவு. 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், விடுப்புக்குக் கிடைப்பது 22 நாள். மருத்துவச் சான்று காட்டினால் 65 சதவீதம் வரை சலுகை கேட்கலாம். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது. இது பெற்றோருக்காகவே சொல்ல வேண்டிய செய்தி, ஏனென்றால் பல விடுப்புகள் வீட்டிலிருந்து வரும் அழைப்பால்தான் எடுக்கப்படுகின்றன.

ராகிங் பற்றிப் பேசும்போது “எங்கள் கல்லூரியில் கிடையாது” என்று முடித்துவிட்டால் பயம் தீராது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்து, 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. குற்றம் நிரூபணமானால் இரண்டாண்டு வரை சிறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி தர வேண்டும். சேர்க்கையின்போது இருவரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று மேடையில் விளக்கலாம். தேசிய உதவி எண் 1800-180-5522 என்பதைச் சொல்லி, கைப்பேசியில் பதிந்துகொள்ள ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தலாம். அன்று குறித்துக்கொள்ளாத எண் தேவைப்படும் இரவில் கைக்குக் கிடைக்காது.

ஆங்கிலப் பயத்துக்கும் நேரடிப் பதில் வேண்டும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று வார அறிமுகப் பயிற்சியைச் சேர்த்ததற்கு ஒரு காரணம், புதிய சூழலுக்குப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பது. சுமார் இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டி என்பது அதன் அமைப்பு. வகுப்பில் புரியாததைத் தமிழில் கேட்க முதலில் போக வேண்டியது அவரிடம்தான்.

ஆகவே உரையைக் கைதட்டலோடு முடித்து எல்லோரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடாமல், வழிகாட்டி ஆசிரியர்களை ஒவ்வொருவராக மேடையேற்றிப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு அந்த இருபது குடும்பங்களும் அவரவர் ஆசிரியரோடு தனி வகுப்பறைக்குப் போய், அலைபேசி எண்ணைப் பகிர்ந்துகொண்டு, முதல் உள்தேர்வு எப்போது என்று தேதியைக் கேட்டுக்கொள்ளலாம்.