படத்தின் ஒரு பகுதியை மறைக்க: வெட்டாமல் வெட்டும் வழியும் அதன் எல்லையும்

ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் இப்போது சொந்தமாக அகப்பக்கம் வைத்திருக்கின்றன. செயலவையினர் படங்களை வரிசையாகப் போடும்போதுதான் தலைவலி தொடங்கும். ஒருவர் நெட்டையான படம் அனுப்புவார், இன்னொருவர் அகலமான படம் அனுப்புவார். ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிஎஸ்எஸ் கட்டளை ஒன்றே போதும்.

```css
.padam {
  width: 300px;
  height: 300px;
  object-fit: cover;
  object-position: 50% 0;
}
```

கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 800 புள்ளி அகலம், 1200 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். `cover` அதைச் சதுரத்தின் அகலத்துக்குச் சுருக்கும். அப்போது உயரம் 450 ஆகிறது. மிஞ்சும் 150 புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. கடைசி வரியை விட்டுவிட்டால் மேலே 75, கீழே 75 என்று நடுவாக வெட்டுப்படும். தலைவரின் தலைப்பாகை காணாமல் போவது இதனால்தான். `50% 0` என்று எழுதினால் மேற்பகுதி தப்பும், வெட்டு முழுவதும் கீழேயே விழும்.

படத்தின் கீழ் விளிம்பை மட்டும் மறைக்க வேறொரு கட்டளையும் உண்டு.

```css
clip-path: inset(0 0 20% 0);
```

எண்கள் மேல், வலம், கீழ், இடம் என்ற வரிசையில் வரும். 600 புள்ளி உயரத்தில் நிற்கும் படத்தில் கீழே 120 புள்ளிகள் மறையும். ஆனால் அந்த இடம் சுருங்காது, வெள்ளையாக அப்படியே கிடக்கும். அதற்குக் கீழே எழுத்து வருவதாக இருந்தால், பெட்டியின் உயரத்தை 480 ஆக்கி முதல் வழியையே பயன்படுத்துங்கள்.

இனிதான் கவனம் தேவை. கல்வி உதவிநிதி பெற்ற மாணவரின் சான்றிதழைப் போடுகிறோம், கீழே அடையாள அட்டை எண் இருக்கிறது, `clip-path` போட்டு மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. கோப்பு முழுமையாகவே பார்ப்பவரின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. சிஎஸ்எஸ் அதன்மேல் போட்ட திரை மட்டுமே. படத்தின்மேல் வலப்பக்கச் சொடுக்கு கொடுத்துப் புதிய தாவலில் திறந்தால் எண் பளிச்சென்று தெரியும். மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பிள்ளையின் விவரம் அத்தனையும் அதில் இருக்கிறது.

இப்படிப்பட்ட படத்தைக் கைப்பேசியிலேயே வெட்டிவிட்டு, புதிய பெயரில் ஏற்றுங்கள். பழைய கோப்பைப் பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, சேவையகத்திலிருந்தும் அழிக்க வேண்டும். சில மென்பொருள்கள் ஒரே படத்தைச் சிறிதும் பெரிதுமாகப் பல அளவில் சேமித்து வைக்கும். அவையும் போய்விட்டனவா என்று, பழைய முகவரியை உலாவியில் தட்டிப் பாருங்கள்.